நுகர்வோர் வழக்கில் நஷ்டஈடு: தொகையை எழுதும் முன் கணக்கைப் போடுங்கள்

தெரிந்த அக்கா ஒருவர் 28,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாவது மாதமே குளிர்ச்சியை நிறுத்திவிட்டது. நான்கு மாதம் அலைந்த பிறகு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு யாரோ எழுதிக் கொடுத்த மனுவோடு வந்தார். "மன உளைச்சலுக்கு ரூ. 5 லட்சம்" என்று ஒரே வரி. ஏன் 5 லட்சம் என்று கேட்டேன். "நிறையக் கேட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும்னு சொன்னாங்க" என்றார்.

இந்த ஒரு வரியால் நியாயமான வழக்குகள் பலவீனமாவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். டெல்லி ஓட்டல் ஒன்றில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது நினைவிருக்கலாம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, ஆதாரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பியது. சேவையில் குறைபாடு இருந்ததை அது மறுக்கவில்லை. தொகைக்குத்தான் ஆதாரம் கேட்டது.

அக்காவின் மனுவை மறுபடி எழுதினோம். முதலில் பொருளின் விலை 28,000, பணம் கட்டிய நாளிலிருந்து 9 சதவீத வட்டியோடு. புது ஃபிரிட்ஜும் வேண்டும், பணமும் வேண்டும் என்று கேட்கக் கூடாது. "மாற்றித் தர வேண்டும், அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதுங்கள். பழைய பொருளை ஒப்படைக்கத் தயார் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது இழந்த நேரம். "என் நேரம் விலைமதிப்பற்றது" என்பதை வைத்து எந்த ஆணையமும் கணக்குப் போடாது. அக்காவுக்கு மாதச் சம்பளம் 22,100. 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 850. டெக்னீஷியனுக்காகக் காத்திருந்தும் கடைக்கு அலைந்தும் ஆறு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டிருந்தது. ஆக 5,100. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் தெரிகிறது, சர்வீஸ் சீட்டில் அதே தேதிகள் இருக்கின்றன. இரண்டும் பொருந்துவதுதான் ஆதாரம். சம்பளச் சீட்டு இல்லாதவர்களும் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களும் கற்பனையாக ஒரு நாள் கூலி போட வேண்டாம். அலைந்த நாட்களைத் தேதியோடு எழுதி, மன உளைச்சல் தலைப்பிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

கெட்டுப்போன இன்சுலினுக்கு 1,260 ரூபாய், மருந்துக் கடை பில் இருந்தது. ஆட்டோச் செலவு 480, ரசீது இல்லை. தேதி வாரியாகப் பட்டியல் போட்டு பிரமாண வாக்குமூலத்தில் சொன்னோம்.

அப்புறம் மன உளைச்சல். இதற்குச் சட்டத்தில் சூத்திரம் கிடையாது. அதனால்தான் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒன்பது புகார் எண்கள், ஐந்து முறை வந்த டெக்னீஷியன், வருகிறேன் என்று வராத இரண்டு நாட்கள், அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்து வேளாவேளைக்குக் கேட்டு வாங்கிய நான்கு மாதம். இவற்றை எழுதி 25,000 கேட்டோம். 28,000 ரூபாய்ப் பொருளுக்கு இது வாசிப்பவருக்கு உறுத்தாது. 5 லட்சம் உறுத்தும். வழக்குச் செலவு 10,000 தனித் தலைப்பு. அதை உளைச்சலுக்குள் கலக்காதீர்கள்.

இதையெல்லாம் வீணாக்கும் இடங்கள் உண்டு. டெக்னீஷியன் கேட்கும் ஓடிபியை, வேலை முடியாமல் கொடுத்தால் புகார் "தீர்ந்தது" என்று மூடப்படும். பிறகு அதையே நிறுவனம் ஆணையத்தில் நீட்டும். சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போடும்போது "பழுது நீங்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸில் 50,000 கேட்டுவிட்டு மனுவில் 5 லட்சம் கேட்டால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுச் சிறு தொகை வாங்கினால், மீதியைக் கேட்பது மிகக் கடினம்.

கட்டணத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான். கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இன்னமும் பழைய சட்டத்தின் நினைவில் நஷ்டஈட்டையும் கூட்டிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கவுன்டரில் அப்படிச் சொல்லி மனுவைத் திருப்பினால், வாய்வார்த்தையோடு வீட்டுக்கு வராதீர்கள். காரணத்தை மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படி அலைய விடுவதிலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து உள்ள இரண்டு ஆண்டுக் கெடு கரைந்துவிடும்.