‘ஆஸ்பெக்ட்’னா என்ன? மலைச்சரிவு ‘பார்க்குற’ திசைக்கு நம்ம சொல்

குமுளிக்கு மேல ஒரு ஏக்கர் மிளகுக்கு எடம் பார்க்கணும்னு சித்தப்பா கூப்பிட்டப்போ, புரோக்கர் சொன்ன முதல் வார்த்தையே “கிழக்கு பார்த்த எடம்ணே”. அங்க போய் நின்னா நிலம் சரியுறது வடகிழக்குல, ரோடும் கேட்டும்தான் கிழக்கால இருக்கு. அவர் பொய் சொல்லல, வீட்டுக்குச் சொல்ற மாதிரி வாசல வச்சு சொல்லியிருக்காரு. மிளகுக்கொடிக்கு வாசல் எந்தப் பக்கம்னு கவலை இல்ல, தண்ணி எந்தப் பக்கம் உருண்டு ஓடுது, எந்தப் பக்கத்து வெயில் மேல விழுதுங்கறதுதான் கணக்கு. மேப் சாஃப்ட்வேர்ல இதைத்தான் ஆஸ்பெக்ட்னு போட்டிருப்பாங்க, சரிவு கீழ்நோக்கி எந்தத் திசையப் பார்த்து இறங்குதோ அந்தத் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270ன்னு டிகிரில வரும்.

இந்தச் சொல்லோட வேர் லத்தீன், ‘ஆஸ்பிகெரே’, அதாவது ஒண்ணை நோக்கிப் பார்க்குறது. ஆங்கிலத்துல பழைய காலத்துல இது ஜோசியத்துல ரொம்பப் புழங்குன சொல், ஒரு கிரகம் இன்னொன்ன எந்தக் கோணத்துல பார்க்குதுங்கறதுக்கு. நாம ‘குரு பார்வை’ன்னு சொல்றோமே, அந்தப் பார்வையத்தான் ஆங்கிலத்துல இன்னிக்கும் ஆஸ்பெக்ட்னு எழுதுறாங்க. அப்புறம்தான் வீடு பார்க்குற திசை, மலை பார்க்குற திசைன்னு பொருள் விரிஞ்சது. ஆக நம்ம ஆளுங்க வாயில இருக்குற ‘பார்த்த’ங்கற சொல் வேரோட அப்படியே பொருந்துது, எங்கயும் போய்த் தேட வேண்டியதில்ல.

ஸ்லோப்புக்கும் இதே கதைதான், பழைய ஆங்கிலத்துல ‘வழுக்கிப் போறது’ங்கற வினையோட சேர்ந்த சொல்னு சொல்றாங்க, நம்ம ‘சரிவு’ம் சரியுறதுல இருந்து வந்ததுதான். மலையாளத்துலயும் ‘சரிவு’தான், அதனால இந்தப் பக்கம் யார்கிட்ட சொன்னாலும் புரியும். பழந்தமிழ்ல மலைப்பக்கத்துக்கு ‘சாரல்’, ‘அடுக்கம்’னு அழகான சொல்லுங்க இருக்கு, ஆனா அது இடத்தோட பேரு, எவ்வளவு சாயுதுங்கற அளவுக்குப் பேரு இல்ல. அளவுக்கு சரிவே போதும்.

இப்ப கணக்கு. டிஜிட்டல் எலிவேஷன் மாடல்னா, அதை உயரக் கட்டம்னு சொல்லலாம், பூமிய சின்னச் சின்ன சதுரமா வெட்டி ஒவ்வொரு சதுரத்துக்கும் கடல் மட்டத்துல இருந்து எத்தன மீட்டர்னு ஒரு நம்பர் எழுதி வச்ச படம். 2000 பிப்ரவரில எண்டவர் விண்கலம் ரேடார் வச்சு அளந்த எஸ்ஆர்டிஎம் இலவசமா கிடைக்குது, நம்ம கார்ட்டோசாட்-1 படத்துல இருந்து எடுத்த கார்ட்டோடெம்மும் இருக்கு, ரெண்டுலயும் ஒரு கட்டம் சுமாரா 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு கட்டத்தோட சரிவக் கண்டுபிடிக்க அதைச் சுத்தி இருக்குற எட்டு கட்டத்தோட உயரத்தையும் சாஃப்ட்வேர் பார்க்கும். கையால போட்டுப் பார்த்தா நல்லா விளங்கும், சித்தப்பா பார்த்த மாதிரி எடத்துக்கு இப்படி வச்சுக்கோங்க, மேல் வரிசை வடக்கு, வலது கை கிழக்கு:

```
1012 1006 1000
1020 1014 1008
1028 1022 1016
```

கிழக்கால ஒரு கட்டம் போனா 6 மீட்டர் இறங்குது, வடக்கால ஒரு கட்டம் போனா 8 மீட்டர். 6-ம் 8-ம் சேர்ந்த மூலைவிட்டம் 10, அதாவது மட்டமா 30 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் இறக்கம், 33 சதவீதம். டிகிரில சொன்னா 18.4. பார்வை வடக்குல இருந்து கிழக்கால சுமார் 37 டிகிரி திரும்பியிருக்கு, அதாவது வடகிழக்கு. சதவீதத்தையும் டிகிரியையும் மட்டும் போட்டுக் குழப்பிக்காதீங்க, 100 சதவீதம்னா 45 டிகிரிதான், 33ஐ டிகிரின்னு நினைச்சு நல்ல எடத்த வேணாம்னு விட்டுட்டு வந்தவங்க இருக்காங்க.

கம்ப்யூட்டர்ல GDALங்கற இலவச சாஃப்ட்வேர் இருந்தா மூணு வரிதான், dem.tifங்கறது டவுன்லோட் பண்ண உயரக் கட்டம்:

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -r bilinear dem.tif dem_utm.tif
gdaldem slope dem_utm.tif slope.tif
gdaldem aspect dem_utm.tif aspect.tif
```

முதல் வரிய விட்டுட்டா என்ன ஆகும்னா, டவுன்லோட் பண்ற ஃபைல்ல தூரம் அட்சரேகை தீர்க்கரேகை டிகிரில இருக்கும், உயரம் மீட்டர்ல இருக்கும், சாஃப்ட்வேரோட பழைய பதிப்புங்க ரெண்டையும் ஒரே அளவுன்னு எடுத்துக்கும், அப்ப கம்பம் பள்ளத்தாக்கோட வயக்காடு கூட 89 டிகிரிக்கு மேலன்னு செங்குத்துச் சுவரா வரும். அப்படி வந்தா உடனே தெரிஞ்சுக்கலாம். 32643ங்கறது நம்ம பக்கத்துக்குரிய மீட்டர் கணக்கு.

இன்னொன்னு எனக்கு நடந்தது. ஒரு தோட்டத்தோட ஆஸ்பெக்ட்டுக்கு சராசரி எடுத்தேன், 180ன்னு வந்துச்சு, தெற்கு. நேர்ல போனா வடக்கப் பார்த்து இறங்குது. பாதிக் கட்டம் 350 பக்கம், மீதி 10 பக்கம், ரெண்டுமே வடக்குதான், ஆனா கூட்டி ரெண்டால வகுத்தா 180. திசைக்கு இப்படி சராசரி எடுக்கவே கூடாது, எந்தத் திசைல அதிகக் கட்டம் விழுதுன்னு எண்ணிப் பார்க்கணும்.

அதைவிட முக்கியமா இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை இருக்கு. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். ஆனா ஒன்பது கட்டம் சேர்ந்துதானே சரிவு வருது, அது 200 சென்ட், ரெண்டு ஏக்கர். நீங்க வாங்கப்போறது ஒரு ஏக்கர். அதுக்குள்ள இருக்குற கையாலை, ஓடை, திடீர்னு விழுற பள்ளம் எதுவும் படத்துல வராது. ஏலக்காட்டு நிழல் மரத்தோட உச்சியையும் ரேடார் ஓரளவு தரையாவே எடுத்துக்கும், அதனால மரம் முடிஞ்சு வெட்டவெளி ஆரம்பிக்கிற ஓரத்துல இல்லாத சரிவு இருக்குற மாதிரி காட்டும்.

அதனால நாங்க போறப்போ 3 மீட்டர் அலுமினியப் பட்டையும் ரசமட்டமும் எடுத்துட்டுப் போனோம். பட்டையோட ஒரு முனையத் தரையில வச்சு, மறுமுனைய மட்டமாத் தூக்கிப் பிடிச்சு, அங்கிருந்து தரைக்கு டேப் வச்சா 1 மீட்டர் வந்துச்சு, 33 சதவீதம் சரி. மேல் பாதில மட்டும் ஒரு எடத்துல 1 மீட்டர் 70 செ.மீ. வந்துச்சு, கிட்டத்தட்ட 30 டிகிரி, படத்துல அது இல்லவே இல்ல.

“வடகிழக்குன்னா நல்லதாடா?”ன்னு சித்தப்பா கேட்டாரு. மிளகுக்கு நல்லதுதான். இங்க ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும்தான் மண்ணு காயுது, அப்ப உச்சி வெயில் தெற்கால சாஞ்சு இருக்கு, ஏப்ரல் நடுவுலதான் தலைக்கு நேரா வரும், அதனால தெற்கப் பார்த்த சரிவும் மத்தியான வெயில் வாங்குற மேற்குச் சரிவும் கொடியக் கருக்கும். கேரள வேளாண் பல்கலைக்கழகமே வடக்கு, வடகிழக்குச் சரிவோட கீழ்ப்பாதியத்தான் மிளகுக்குச் சொல்லுது. குளிர் நாட்டுப் பாடத்துல தெற்குச் சரிவு நல்லதுன்னு இருக்கும், அதை இங்க கொண்டு வரக்கூடாது. ஆனா கம்பத்தப் பார்த்து இறங்குற பக்கம் மழை மறைவு, திசை நல்லா இருந்தாலும் தண்ணிக்கு வழி இருக்கான்னு தனியா பார்க்கணும்.

சொல்லுக்கு வர்றேன். வெறும் ‘பார்த்த எடம்’னா வாசல்னும் புரிஞ்சுக்குவாங்க, ‘நோக்கு’ன்னு மட்டும் எழுதுனா எண்ணம்னு பொருள் போயிரும். நான் எழுதுறது ‘சரிவுப் பார்வை’, பேசுறப்போ ‘சரிவு எங்க பார்க்குது?’. புரோக்கர்கிட்டயும் மறுநாள் அப்படித்தான் கேட்டோம், யோசிக்காம “வடகிழக்குண்ணே”ன்னாரு. சித்தப்பா கீழ்ப்பக்கத்து 60 சென்ட்டுக்கு மட்டும் விலை பேசிட்டு வந்தாரு.