கூஸ்: ரிலேக்கள் அறையும் நிகழ்வு முரசு

துணை மின்நிலைய வேலையில் "கூஸ் வரவில்லை" என்று யாராவது சொன்னால் பறவையைத் தேட வேண்டாம். பாதுகாப்பு ரிலேக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் அவசரச் செய்தி அது. ஜெனரிக் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சப்ஸ்டேஷன் ஈவன்ட் என்ற தொடரின் முதலெழுத்துகள்தான் கூஸ். 1990களில் அமெரிக்காவில் உருவான யூ.சி.ஏ. நெறிமுறையில் பிறந்து, பிறகு துணை மின்நிலையத் தகவல்தொடர்புக்கான ஐ.இ.சி. 61850 தரத்துக்குள் வந்த பெயர் இது.

ஒரு 11 கிலோவோல்ட் மின்பலகையை எடுத்துக்கொள்வோம்: மின்சாரம் உள்ளே வரும் ஒரு இன்கமர், வெளியே போகும் ஐந்து ஃபீடர்கள், இவற்றை இணைக்கும் பஸ்பார். ஃபீடரில் பழுது வந்தால் அந்த ஃபீடர் மட்டும் ட்ரிப் ஆக வேண்டும், பஸ்பாரில் வந்தால் இன்கமர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். இதற்காக, பழுதைக் கண்ட ஃபீடர் ரிலே இன்கமர் ரிலேயிடம் "பொறு, இது என் பழுது" என்று சொல்லும். இன்கமர் 100 மில்லிநொடி போலக் காத்திருந்து, அப்படி எதுவும் வராவிட்டால் பஸ்பார் பழுது என்று முடிவுசெய்து ட்ரிப் கொடுக்கும். முன்பு இதற்கு ஒவ்வொரு ஃபீடரிலிருந்தும் செப்புக் கம்பி இழுத்தார்கள், அதில் ஒன்று அறுந்து கிடந்தால் அடுத்த பழுது வரும்வரை யாருக்கும் தெரியாது.

கூஸில் அதே சொல் ஈதர்நெட்டில் நேரே போகிறது. ட்ரிப் போன்ற அவசரச் செய்திக்குத் தரம் தரும் கெடு 3 மில்லிநொடி. பெற்றேன் என்ற பதில் இதில் கிடையாது, அதனால் அனுப்பும் ரிலே அதே செய்தியை முதலில் சில மில்லிநொடி இடைவெளியிலும், அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் அமைதிக் காலத்தில் நொடிக்கு ஒன்று என்பதுபோலவும் திரும்பத் திரும்ப அனுப்பும். நிலை மாறினால் `stNum` ஒன்று கூடும், `sqNum` பூஜ்யத்துக்குத் திரும்பும். வெறும் மறுபதிப்பு என்றால் `sqNum` மட்டும் கூடும். பிணையச் செய்திகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே பாதி சிக்கல் பிடிபடும்.

யாரையும் பெயர் சொல்லி அழைக்காமல், பதிலும் எதிர்பாராமல், பலர் கேட்கத் திரும்பத் திரும்ப அறிவிப்பதற்குத் தமிழில் முரசறைதல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் நான் கூஸை "நிகழ்வு முரசு" என்பேன். "பொதுப் பொருள்நோக்குத் துணைநிலைய நிகழ்வு" என்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்பைப் பணியிடத்தில் யாரும் வாயால் சொல்லப் போவதில்லை. அனுப்பும் ரிலேயை அறைவோன் என்றும், பெறுவதைக் கேட்போன் என்றும் சொல்லலாம்.

முரசு நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்து வைக்க வேண்டும். செய்திக்குள் இருக்கும் `timeAllowedToLive` கெடு தாண்டியும் அடுத்தது வராவிட்டால், இணைப்பு போய்விட்டது என்று இன்கமர் ரிலேக்குத் தெரிந்துவிடும். அப்போது அந்த 100 மில்லிநொடி ட்ரிப்பை முடக்கி வழக்கமான தாமதத்துக்குத் திரும்பும்படி அமையுங்கள். இல்லையென்றால் ஒரு ஈதர்நெட் ஸ்விட்ச் செத்துக் கிடக்கும் நேரத்தில் வரும் சாதாரண ஃபீடர் பழுது முழுப் பலகையையும் இருட்டாக்கிவிடும்.