ஒரு ரசமும் ஒன்பது ஐந்து நட்சத்திரங்களும்

சிறு கடைகளின் கூகுள் மேப்ஸ் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஹோட்டல், பல் ஆஸ்பத்திரி, பைக் சர்வீஸ், கல்யாண மண்டபம் என்று திருச்சியைச் சுற்றி முப்பது சொச்சம் கடைகள். இரவு பத்தரைக்கு மேல் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும், யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். நல்ல ரிவ்யூ வந்திருக்கிறது என்று சொல்ல இதுவரை யாரும் என்னை அந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை.

போன வருஷம் அப்படிக் கூப்பிட்டவர் ஒரு மெஸ் நடத்துகிறார். மதியச் சாப்பாடு மட்டும்தான், இருபத்திரண்டு பேர் உட்காரலாம், பாதி வியாபாரம் பார்சல். மேப்ஸில் அதுவரை 40 ரிவ்யூ, சராசரி 4.6. "தம்பி, எவனோ வேணும்னே போட்டிருக்கான், அழிச்சு விடுங்க" என்றார். திறந்து பார்த்தேன். எழுதியவர் மூன்று பார்சல் மீல்ஸ் வாங்கியிருக்கிறார், ஒன்றிலும் ரசம் இல்லை. போன் பண்ணிக் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். கடைக்காரரால் ரிவ்யூவை அழிக்க முடியாது. விதிமீறல் என்று புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆபாசம், மிரட்டல், கடைக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு, போலி, போட்டியாளரே எழுதியது மாதிரியானவை தூக்கப்படும். ரசம் வரவில்லை என்று வாங்கிச் சாப்பிட்டவர் எழுதினால் அது அவருடைய அனுபவம், நமக்குப் பிடிக்காவிட்டாலும் அங்கேயேதான் இருக்கும்.

"சரி, ஒரு ஆள்தானே, நாப்பது பேர் நல்லா சொல்லியிருக்காங்களே" என்றார் மெஸ் அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு அப்படி வேலை செய்வதில்லை. 40 பேர், 4.6 என்றால் மொத்தம் 184 நட்சத்திரம். இதோடு ஒன்று சேர்ந்தால் 185, அதை 41-ஆல் வகுத்தால் 4.51, திரையில் 4.5 என்று தெரியும். சராசரி பழையபடி முழு 4.6-க்கு வர எத்தனை ஐந்து நட்சத்திரம் வேண்டும்? ஒன்பது. ஒற்றை நட்சத்திரம் 4.6-லிருந்து 3.6 படி கீழே இருக்கிறது, ஐந்து நட்சத்திரமோ வெறும் 0.4 படிதான் மேலே இருக்கிறது. கீழே இழுப்பவனுக்கு நீளமான கயிறு, மேலே தூக்குபவனுக்கு ஒரு சாண் கயிறு. கடை எவ்வளவு நல்ல கடையோ அவ்வளவுக்கு இது மோசமாகும்: சராசரி 4.2 இருந்தால் நான்கு ஐந்து நட்சத்திரம் போதும், 4.8 இருந்தால் பத்தொன்பது வேண்டும். ரிவ்யூ எண்ணிக்கை கூடக்கூட ஒரு தடவையில் விழும் அளவு குறையுமே தவிர, ஈடுகட்டத் தேவையான இந்த எண்ணிக்கை மாறாது.

அந்த ஒன்பது பேர் எங்கே? தினமும் நூற்றைம்பது பேர் அங்கே சாப்பிடுகிறார்கள். ஒருத்தர்கூட அன்று வீட்டுக்குப் போய், "இன்னைக்கு மெஸ்ல ரசம் குடுத்தாங்க" என்று சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ரசம் வருவது எதிர்பார்த்தது, எதிர்பார்த்தது நடந்தால் அது செய்தியே இல்லை. வராதபோதுதான் அதில் ஒரு கதை பிறக்கிறது, ஆரம்பம், நடு, "அப்புறம் போன் பண்ணேன் பாரு" என்று ஒரு முடிவு எல்லாம் வந்துவிடுகிறது. கவனித்துப் படித்தால் அவர் ரசத்துக்காக எழுதவில்லை, அந்தப் போன் பதிலுக்காகத்தான் எழுதியிருக்கிறார். நான் பார்த்த ஒற்றை நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான், பொருளில் குறை முதல் வரியிலும், மரியாதைக் குறைவு கடைசி வரியிலும் இருக்கும்.

இங்கே ஒரு திருத்தம். திருப்தியானவர் நாலைந்து பேரிடம் சொல்வார், கோபப்பட்டவர் பத்து பேரிடம் சொல்வார் என்று விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் காலங்காலமாக ஓதுகிறார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் 1981-இல் அமெரிக்காவில் கோகோ கோலாவுக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்விலிருந்து வருபவை. அதில் பேசியவர்கள் எல்லா வாடிக்கையாளர்களும் இல்லை, ஏற்கெனவே கம்பெனிக்குப் புகார் அனுப்பியவர்கள். புகாருக்குக் கிடைத்த பதிலில் திருப்தி அடைந்தவர்களையும் அடையாதவர்களையும்தான் ஒப்பிட்டார்கள். பொதுவாகப் பார்த்தால் மக்கள் குறையைவிட நல்லதைத்தான் அதிகம் சொல்கிறார்கள், மேப்ஸில் எந்தக் கடையைத் திறந்தாலும் ஐந்து நட்சத்திரம்தான் குவிந்து கிடக்கிறது. எண்ணிக்கையில் பாராட்டு ஜெயிக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சொன்ன இடத்திலேயே நின்றுவிடுகிறது, குறை அடுத்த வீட்டுக்கு நடந்துபோகிறது.

எப்படி நடந்துபோகிறது என்பதை இந்த மெஸ் விஷயத்திலேயே பார்த்தேன். ரிவ்யூ எழுதியவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருடைய அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அதே குழுவில் இருந்த, மெஸ்ஸின் வாடிக்கையாளர் ஒருவர் அண்ணனுக்கு அந்த உரையாடலை அனுப்பினார், அண்ணன் எனக்கு அனுப்பினார். முதல் செய்தி: ரசம் இல்லை. அதற்குக் கீழே ஒருவர்: "அந்த மெஸ்ஸா? என் மச்சான்கூட ஏதோ சொன்னான்." மூன்றாவது ஆள், அங்கே சாப்பிட்டதாக அவரே சொல்லவில்லை: "மிச்சமான சாதத்தை மறுநாள் கலந்து குடுப்பாங்களாம்."

அந்த "ஆம்" இருக்கிறதே, அதுதான் எல்லா வேலையையும் செய்கிறது. "கொடுக்கிறார்கள்" என்றால் பார்த்தாயா என்று கேட்பார்கள். "கொடுக்கிறார்களாம்" என்றால் கேட்க முடியாது, எங்கோ கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். பாராட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. "சாப்பாடு நல்லா இருக்குமாம்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே "நீ சாப்பிட்டியா?" என்பார்கள். நம்பிப் போய்ச் சாப்பாடு சரியில்லை என்றால் சொன்னவன் தலைதான் உருளும். மாறாக, போகாதே என்று சொல்லி அது பொய்யாக இருந்தால்? யாரும் போகப்போவதில்லை, அதனால் பொய் என்று தெரியவும் போவதில்லை. எச்சரிக்கை சொல்பவனுக்குச் செலவே இல்லை, போதாததற்கு அக்கறையுள்ளவன் என்ற பெயர் வேறு.

இதை நான் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. மாட்டியோ டி ஏஞ்செலிஸ் என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இதையொட்டிய ஒன்றைக் கண்டார்கள். மக்கள் தங்கள் சொந்த அனுபவம் என்றால் நல்லதைச் சொல்ல விரும்புகிறார்கள், ஏனென்றால் நல்ல கடையைத் தேர்ந்தெடுத்த கெட்டிக்காரத்தனம் தங்களுடையது. அடுத்தவர் அனுபவத்தைக் கடத்தும்போது கெட்டதைக் கடத்துகிறார்கள், அப்போது ஏமாந்தவர் வேறொருவர், தாம் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், தன்னை உயர்வாகக் காட்டிக்கொள்ளும் ஆசை. அப்படியானால் ஒரு கடையைப் பற்றிய பேச்சு முதல் வாயிலிருந்து இரண்டாவது, மூன்றாவது வாய்க்குப் போகப்போக நல்லது வழியில் உதிர்ந்துவிடும், கெட்டது பருத்துக்கொண்டே போகும்.

இதற்கு நடுவில் அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தார். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே பதில் போட்டுவிட்டார். "உங்க பேர்ல எங்ககிட்ட எந்த பில்லும் இல்ல. யாரு சொல்லி எழுதுனீங்கன்னு தெரியும். தெய்வம் பாத்துக்கும்." குழுவில் அதிகம் சிரிக்கப்பட்டது ரிவ்யூ இல்லை, இந்தப் பதில்தான். அதுவரை ஒரு ரசக் கதை, இப்போது அதற்கு இரண்டாம் பாகமும் கிடைத்துவிட்டது.

நல்லவேளை, கடைக்காரர் தன் பதிலைத் திருத்தலாம். ஆனால் உடனே திருத்த நான் விடவில்லை. நான்கு நாள் தள்ளிப்போட்டோம். அந்த நான்கு நாளில் விசாரித்ததில், ஞாயிறுகளில் ஒன்றரை மணிக்கு மேல் ரசம் தீர்ந்துவிடுவதும், பார்சல் கட்டும் பையன் அதைச் சொல்லாமலே கட்டுவதும் உண்மை என்று தெரிந்தது. போனில் பேசியது அண்ணனின் மைத்துனர். பார்சல் பை மேல் ஒட்டச் சின்னச் சீட்டு அடித்தோம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர், அப்பளம் என்று, உள்ளே வைத்ததற்கு மட்டும் டிக். தீர்ந்துபோனதற்கு பத்து ரூபாய் கழிவு. அப்புறம்தான் பதிலை மாற்றினோம்:

"அன்று ரசம் தீர்ந்துவிட்டது. சொல்லாமல் கட்டிக் கொடுத்தது எங்கள் தவறு. போனில் சொன்ன பதிலும் தவறு. இப்போது பார்சலில் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டித் தருகிறோம், இல்லாத பொருளுக்குப் பணம் கழிக்கிறோம்."

நான்கு வாக்கியம். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" கிடையாது, அதைப் பார்த்தாலே எல்லாக் கடைக்கும் ஒட்டும் பதில் என்று தெரிந்துவிடும். இது ரிவ்யூ எழுதியவருக்கான பதிலும் இல்லை. அவரைவிட, இடம் தேடும்போது வரிசையைத் தள்ளிவிட்டு நேராக ஒற்றை நட்சத்திரங்களைத் திறக்கும் ஆட்களுக்கானது. அப்படித் திறப்பது தப்பும் இல்லை. அமேசான், பார்ன்ஸ் அண்டு நோபிள் தளங்களின் புத்தக விமர்சனங்களை ஆராய்ந்து ஜூடித் செவாலியே, டினா மேஸ்லின் இருவரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒற்றை நட்சத்திரம் விற்பனையைத் தாழ்த்தும் வேகம் ஐந்து நட்சத்திரம் உயர்த்தும் வேகத்தைவிட அதிகமாகவே தெரிகிறது. ஐந்து நட்சத்திரத்தை ஆசிரியரின் நண்பர்கூடப் போட்டிருக்கலாம், வாசகருக்கும் அது தெரியும்.

அண்ணனின் மகன் வேறு வழி வைத்திருந்தான். ஒரு ஏஜென்சி, இருபது ஐந்து நட்சத்திரம், ஒரே வாரத்தில். வேண்டாம் என்றேன். மாதத்துக்கு இரண்டு ரிவ்யூ வரும் கடைக்கு ஒரே வாரத்தில் இருபது வந்தால், அதுவும் வேறு எங்குமே எழுதாத கணக்குகளிலிருந்து "குட் ஃபுட், நைஸ் சர்வீஸ்" என்று வந்தால், கூகுள் தூக்கும். தூக்காவிட்டாலும் படிப்பவருக்குத் தெரியும், இருபதில் ஒருவர்கூட வத்தக்குழம்பைப் பற்றிச் சொல்லாத மெஸ் எங்கே இருக்கிறது? தள்ளுபடி கொடுத்து வாங்குவதும், முகம் மலர்ந்து போகிறவர்களிடம் மட்டும் பார்த்துப் பார்த்துக் கேட்பதும் விதிக்கு விரோதம். எல்லாரிடமும் கேட்கலாம். பில்லின் அடியில் கியூஆர் போட்டோம், "இன்று எது பிடித்தது, எது குறைந்தது?" என்ற ஒரு கேள்வியோடு. அந்த ஒன்பது வர கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு மூன்று நட்சத்திரமும் வந்தது, பார்க்கிங் இல்லையாம். அது உண்மைதான்.

ரசக்காரர் ரிவ்யூவை எடுக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறார், "சீட்டு ஒட்டுகிறார்கள்" என்று. நட்சத்திரம் ஒன்றேதான். அண்ணனுக்கு அது இன்னும் உறுத்துகிறது, வாரம் ஒரு தடவை திறந்து பார்ப்பார் போல. மற்ற ஐம்பதில் யார் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.