பேடல் சர்வில் பந்து இடுப்பைத் தாண்டுவது எங்கே தொடங்குகிறது?

கண்ணாடிச் சுவரும் கம்பி வேலியும் சூழ்ந்த கோர்ட்டில் இரண்டு ஜோடிகள் ஆடும் மட்டை ஆட்டம் பேடல். அதன் பயிற்சியாளராகவும், கிளப் போட்டிகளில் நடுவராகவும் நான் அதிகம் பார்க்கும் தவறு சர்வில்தான் நடக்கிறது. பந்து நெட்டில் மாட்டுவதும் கட்டத்துக்கு வெளியே விழுவதும் எல்லோர் கண்ணிலும் படும். பந்தை அடிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் தவறுகளைக் கவனிப்பவர்கள் குறைவு. அவற்றில் முக்கியமானது, பந்தை இடுப்புக்கு மேலே வைத்து அடிப்பது.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். சர்வ் போடுபவர் சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால், நடுக்கோட்டின் நீட்சிக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் நிற்க வேண்டும். இரண்டு கால்களும் கோட்டைத் தொடாமல் பின்னால் இருக்க வேண்டும். பந்தை அதே பகுதிக்குள் தரையில் குத்த விட்டு, அது எழும்பி வரும்போது அடிக்க வேண்டும். மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் பந்து இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். நடந்துகொண்டோ, ஓடிக்கொண்டோ, குதித்தோ சர்வ் போடக் கூடாது. நின்ற இடம் மாறாத அளவுக்குப் பாதம் லேசாக அசைந்தால் பரவாயில்லை. இவற்றில் ஒன்று பிசகினாலும் அது ஃபால்ட். முதல் சர்வ் ஃபால்ட் ஆனால் இரண்டாவது வாய்ப்பு உண்டு. அதற்கும் இதே விதிகள்தான்.

இடுப்பு உயரம் என்ற வரம்பு ஏன் என்பதை கோர்ட்டின் அளவே சொல்லிவிடும். நெட் நடுவில் 88 சென்டிமீட்டர், இரு ஓரங்களிலும் 92 சென்டிமீட்டர் வரை இருக்கும். சர்வ் போடுபவர் நெட்டிலிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் தள்ளி நிற்கிறார். பந்து போய் விழ வேண்டிய எதிர்க்கட்டமும் நெட்டிலிருந்து 6.95 மீட்டர் ஆழம்தான். சராசரி உயரமுள்ள ஒருவரின் இடுப்பு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். அந்த உயரத்திலிருந்து அடித்தால் பந்தைக் கீழ்நோக்கி அறைய முடியாது. கிட்டத்தட்ட மட்டமாகவோ சற்று மேல்நோக்கியோ அனுப்பினால்தான் நெட்டைத் தாண்டும். அப்படிப் போகும் பந்து எதிர்க்கட்டத்துக்குள் விழ வேண்டுமானால் வேகத்துக்கு ஓர் எல்லை தானாகவே வந்துவிடுகிறது. பந்தை மார்பு உயரத்தில், 1.3 மீட்டரில் வைத்து அடிப்பவருக்கு அந்த எல்லை தளர்ந்துவிடும். அவர் சரிவாக, வேகமாக இறக்கலாம். திருப்பி அடிக்கும் ஜோடிக்கு விதி கொடுத்திருக்கும் நேரம் அங்கே பறிபோகிறது. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

இனி ஓர் உதாரணம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் நெடுங்காலம் டென்னிஸ் ஆடியவர். உயரம் 1.70 மீட்டர், இடுப்பு ஏறக்குறைய ஒரு மீட்டரில். சர்வ் வேகமாகப் போகும், கட்டத்திலும் விழும். ஆனால் எதிரணியினர் ஒவ்வொரு முறையும், பந்து மேலே இருந்தது என்று சொல்ல, அவருக்கு எரிச்சல். தான் மட்டையைக் கீழிருந்துதான் கொண்டுவருவதாகச் சொன்னார். உண்மைதான், மட்டை கீழிருந்துதான் வந்தது. ஆனால் விதி பார்ப்பது மட்டை வந்த வழியை இல்லை, பந்து தொடப்பட்ட உயரத்தை. மட்டை தோளுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, பந்தைச் சீவிக்கொண்டு கீழே இறங்கினாலும், தொடும் புள்ளி இடுப்புக்குள் இருந்தால் அது நல்ல சர்வ். கீழிருந்து வந்த மட்டை பந்தை வயிற்றுக்கு மேலே சந்தித்தால் அது ஃபால்ட். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அவருடைய சிக்கல் வலது கையில் இல்லை. பந்தைப் பிடித்திருந்த இடது கையில் இருந்தது. பந்தை அவர் கீழே விடவில்லை, தரையை நோக்கி வீசினார். மணிக்கட்டைச் சொடுக்கி ஓர் அடி, பந்து தரையில் மோதி மார்பு வரை எழும், அது உச்சியில் நிற்கும்போது அடிப்பார். டென்னிஸில் சர்வுக்கு முன் பந்தைத் தரையில் தட்டித் தட்டிப் பழகிய கை அது.

பந்து எவ்வளவு எழும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பேடல் பந்துக்கான விதிப்படி, கடினமான தளத்தில் 2.54 மீட்டரிலிருந்து விட்டால் அது 1.35 முதல் 1.45 மீட்டர் வரை எழ வேண்டும். விட்ட உயரத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மணல் தூவிய செயற்கைப் புல்லில் இன்னும் கொஞ்சம் குறையும், பழைய பந்தானால் அதிலும் குறையும். ஆகவே மார்பு உயரத்தில், 1.3 மீட்டரில் கையைத் திறந்து பந்தை விட்டால், புதுப் பந்துகூட 70 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் எழும். அவருடைய இடுப்பு ஒரு மீட்டரில். முப்பது சென்டிமீட்டர் இடைவெளி சும்மாவே கிடைக்கிறது. தோள் உயரத்திலிருந்து, 1.4 மீட்டரிலிருந்து விட்டாலும் 77 சென்டிமீட்டர்தான். கையால் விடும் பந்து இடுப்பைத் தாண்டுவதற்கு வழியே இல்லை. தாண்டுகிறது என்றால் யாரோ அதைத் தரையில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

அதனால் அவருக்கு நான் மட்டையைத் தொடவே விடவில்லை. பின்கால் சர்வீஸ் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, முன்கால் கோட்டுக்கு ஒரு கை அகலம் பின்னால். உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். பந்தை விரல்களால் மேலிருந்து பிடித்து, மார்புக்கு நேராகக் கையை நீட்டி, முன்காலுக்குப் பக்கவாட்டில், மட்டை எட்டும் தூரத்தில், விரல்களை மட்டும் திறந்து விட வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது. பந்து குத்தி எழுந்து, மேலே ஒரு கணம் தயங்கி, மறுபடி இறங்குவதை அப்படியே பார்க்கச் சொன்னேன். கையை விட்டதிலிருந்து அந்த உச்சி வரை ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் இருக்கிறது. டென்னிஸ்காரர்களுக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும். அந்தக் காத்திருப்பைப் பொறுக்க முடியாமல்தான் பந்தைக் கீழே அடித்து மேலே வரவழைக்கிறார்கள்.

பந்து தொடை உயரத்திலேயே நின்றதும் அவருக்கு அடுத்த சங்கடம் வந்தது. குனிய வேண்டியதாயிற்று. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழங்காலை மடக்கினால் இடுப்பும் சேர்ந்து இறங்கும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உட்கார்ந்து அடிப்பவர் தனக்கிருந்த இடைவெளியில் அவ்வளவையும் இழக்கிறார். அடிக்கும் நொடியில் இடுப்பு எங்கே இருக்கிறதோ அதுதான் அளவு, நிமிர்ந்து நிற்கும்போது இருந்த இடம் கணக்கில் வராது. ஆழமாக மடக்கிவிட்டு, பந்தையும் பலமாகக் குத்துபவர்களிடம்தான் வெளிப்படையான ஃபால்டுகளைப் பார்க்கிறேன். முழங்காலை லேசாகத் தளர்த்தினால் போதும். மீதி வேலையைத் தாழ்ந்து வரும் மட்டை பார்த்துக்கொள்ளும்.

பந்து குத்தும் இடத்திலும் பிழை வரும். வேகம் வேண்டும் என்று பந்தை உடம்புக்கு முன்னால் தள்ளி விடுவார்கள். அது சர்வீஸ் கோட்டைத் தாண்டி, கட்டத்துக்குள் குத்திவிடும். எதிரணியினரின் பார்வை அடுத்து வரப்போகும் பந்தில் இருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. கூட்டாளி நெட் அருகில் முதுகு காட்டி நிற்பார். ஆனாலும் அது ஃபால்ட்தான். பந்து நடுக்கோட்டின் நீட்சிக்கு அந்தப் பக்கம் குத்தினாலும் அப்படியே. பந்தைத் தரையில் குத்தவே விடாமல், கையிலிருந்து நேராக அடிப்பவர்களும் உண்டு. பேட்மின்டனிலிருந்து வருபவர்களிடம் முதல் சில நாட்கள் இதைப் பார்க்கலாம், சீக்கிரமே சரியாகிவிடும்.

பந்து மோசமாகக் குத்திவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? மட்டையை வீசாமல் இருக்க வேண்டும். பந்தை அடித்த நொடியிலோ, அடிக்க முயன்ற நொடியிலோதான் சர்வ் போட்டதாகக் கணக்கு. வீசித் தவறவிட்டால் ஃபால்ட். வீசாமல் பந்தைக் கையில் பிடித்து, மறுபடி தொடங்கலாம். என் அனுபவத்தில், இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதும் பலருடைய சர்வ் நிதானமாகிறது. கெட்ட பந்தை எப்படியாவது அடித்தாக வேண்டும் என்ற அவசரம் போய்விடுகிறது.

உயரம் குறைந்தபின் அந்த டென்னிஸ்காரரின் வேகமும் குறைந்தது. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது பக்கக் கண்ணாடி. எதிர்க்கட்டத்தில் குத்திய பந்து கண்ணாடியில் பட்டால் ஆட்டம் தொடரும். இரண்டாவது முறை தரையில் குத்துவதற்கு முன் கம்பி வேலியில் பட்டால் ஃபால்ட். பக்கச் சுவரில் நெட்டிலிருந்து 6 மீட்டர் வரை கம்பி வேலிதான், அதற்குப் பின்னால்தான் கண்ணாடி தொடங்குகிறது. ஆகவே பக்கவாட்டில் விரியும் சர்வ் ஆழமாக, சர்வீஸ் கோட்டுக்கு அருகில் விழ வேண்டும். தாழ்ந்த புள்ளியிலிருந்து சீவி அனுப்பிய பந்து அங்கே விழுந்து, கண்ணாடியில் பட்டு, அதிகம் எழாமல் உட்கார்ந்துவிடும். அதைத் தூக்கி எடுக்க எதிரணி படும் பாடு, அவர் முன்பு வேகத்தால் கொடுத்த தொல்லையைவிடக் கூடுதலாகவே இருந்தது.

நீங்கள் அடிக்கும் உயரம் உங்களுக்கே தெரியாது. அடிக்கும்போது கண் பந்தில் இருக்கும், இடுப்பைப் பார்க்க முடியாது. கைபேசியை ஸ்லோ மோஷனில் வைத்துப் படம் பிடியுங்கள். வைக்கும் இடம் முக்கியம். சர்வீஸ் கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில், வேலிக்கு வெளியே, லென்ஸ் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். கேமரா மேலிருந்தோ கீழிருந்தோ சாய்ந்து பார்த்தால் பந்தின் உயரம் மாறித் தெரியும். பல சண்டைகள் கிளம்புவதே அப்படி எடுத்த வீடியோவில்தான். சட்டையை உள்ளே விட்டு, இடுப்புப் பட்டை தெரியும்படி நின்றால் அளவு தெளிவாக இருக்கும். பந்தும் மட்டையும் சேரும் சட்டகத்தில் நிறுத்தி, பட்டையிலிருந்து பந்து எவ்வளவு கீழே என்று பாருங்கள். ஒரு பந்து அகலம்கூட இடைவெளி இல்லை என்றால், மட்டையை மாற்றப் போகாதீர்கள். பந்தை விடும் கையைப் பாருங்கள்.