நீ செத்த இடம் எங்களுக்கு வேண்டாம்

சென்னையில் கல்லூரி டீம்களுக்கு வேலரன்ட் என்ற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் பயிற்சி கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் "எய்ம் சரியில்லண்ணா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆடிய ஆட்டத்தைக் குரலோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தால் எய்ம் நன்றாகத்தான் இருக்கும். வாய்தான் சரியில்லை. போன வாரமும் ஒரு டீம் இதே பிரச்சினையோடு வந்து உட்கார்ந்தது. இனி தனித்தனியாகச் சொல்லி ஆகாது, எழுதியே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

நடந்தது அசென்ட் மேப்பில். ஸ்கோர் 10–10, நம் பையன்கள் டிஃபென்ஸ், அதாவது எதிரி ஏ, பி என்ற இரண்டு சைட்டில் ஒன்றில் ஸ்பைக் என்ற வெடிகுண்டை வைக்காமல் தடுக்க வேண்டும். பி சைட்டில் இரண்டு பேர், ஏ சைட்டில் ஒருவன், ட்ரீயில் ஒருவன், மார்க்கெட்டில் ஓமென் என்ற ஏஜென்ட்டை ஆடும் பையன். அவன் மார்க்கெட் வாசலில் நின்று மிட் கோர்ட்யார்டை எட்டிப் பார்த்தான். அங்கே எதிரி டீமின் ஏஜென்ட் ஜெட். இவன் வேண்டல் ரைஃபிளால் அவள் உடம்பில் மூன்று குண்டு போட்டான், அவள் இவன் தலையில் ஒன்று போட்டாள், இவன் காலி. உடனே மைக்கில் கத்தினான்: "மார்க்கெட்! மார்க்கெட்ல ஒருத்தன்டா! மார்க்கெட்!"

அடுத்த சில விநாடிகளில் என்ன ஆனது பாருங்கள். பி சைட்டில் இருந்தவர்கள் இரண்டு பேரும் மார்க்கெட் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் ஸ்விட்சைத் தட்டி மார்க்கெட் கதவை மூடினான். ட்ரீயில் இருந்தவன், எதிரி பி சைட்டுக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து டீம் ரவுண்டை ஆரம்பிக்கும் இடமான ஸ்பான் வழியாக பி பக்கம் ஓடினான். ஆனால் மார்க்கெட்டில் ஈ காக்கை கூட இல்லை. ஜெட்டும் இன்னும் இரண்டு பேரும் கோர்ட்யார்டிலிருந்து கேட்வாக்கில் ஏறி, காலியாகக் கிடந்த ட்ரீ வழியாக ஏ சைட்டுக்குள் போனார்கள். ஏ மெயினிலிருந்து மீதி இரண்டு பேர் வந்தார்கள். நடுவில் மாட்டிய ஏ சைட் பையனுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. ஸ்பைக் வைக்க 4 விநாடிதான் ஆகும். நம்மாட்கள் திரும்பி ஓடி வருவதற்குள் வைத்து முடித்துவிட்டார்கள்.

இதில் எரிச்சலான விஷயம், அந்தப் பையனுக்கு அசென்ட்டின் இடப்பெயர்கள் அத்தனையும் அத்துப்படி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். "நான் கரெக்டாத்தானே சொன்னேன், மார்க்கெட்லதானே நடந்துச்சு?" என்று என்னிடமே கேட்டான். இல்லை தம்பி. மார்க்கெட்டில் நடந்தது உன் சாவு. எதிரி நின்றது கோர்ட்யார்டில்.

பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால் கால்அவுட், அதாவது எதிரி எங்கே என்று டீமுக்குச் சொல்வது, தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நான் தினமும் மல்லுக்கட்டும் தப்பான நம்பிக்கை. பெயர் தெரியாதவன் "அங்க இருக்கான், இந்தா வர்றான்" என்பான், யாரும் அதை நம்பி நகர மாட்டார்கள். பெயர் தெரிந்தவன் தப்பான இடத்தைச் சொன்னால் மூன்று பேர் நம்பி நகர்வார்கள். சேதம் இரண்டாவது ஆளால்தான் அதிகம்.

ஏன் இப்படி ஆகிறது? எல்லாரும் மேப்பை நடந்து நடந்து பழகுகிறார்கள். ஏ மெயினுக்குள் போய் "இது ஏ மெயின்", ட்ரீக்குள் போய் "இது ட்ரீ". ஆக, மனதில் பதிவது காலடியில் இருக்கும் இடத்தின் பெயர். சண்டையில் எதிரி உங்கள் காலடியிலா நிற்கிறான்? அடி விழுந்த பதற்றத்தில் வாய்க்கு முதலில் வருவது பழகிய பெயர், அதாவது நீங்கள் நிற்கும் இடம். "சென்ட்ரல்ல நிக்கிறேன்டா" என்று போன் செய்பவனைத் தேடி மெட்ரோ வாசலுக்கும் புறநகர் ரயில் பக்கத்துக்கும் அலைந்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் டீம்களில் இதற்கு ஒரே ஒரு சட்டம். வெறும் இடப்பெயர் சொன்னால் அது எதிரி நிற்கும் இடம், எப்போதும். உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் "நான்" என்று ஆரம்பிக்க வேண்டும். "நான் மார்க்கெட்" வேறு, "மார்க்கெட்" வேறு. இரண்டு நாள் எல்லாரும் முறைப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

சரி, அந்தப் பையன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கோர்ட்யார்ட் ஒண்ணு, ஜெட், 120, கேட்வாக் பக்கம் நகர்றா." அவ்வளவுதான். எங்கே, எத்தனை, யார், எவ்வளவு அடி, எந்தப் பக்கம் போகிறாள். இடம் முதலில் வர வேண்டும். அதைக் கேட்டதுமே மற்றவர்களின் கை நகர ஆரம்பிக்கும், மிச்சத்தை நகர்ந்துகொண்டே கேட்பார்கள். இப்படிச் சொல்லியிருந்தால் ட்ரீ பையன் இடத்தைவிட்டு அசைந்திருக்க மாட்டான்.

அந்த 120 எங்கிருந்து வந்தது? வேண்டல் குண்டு உடம்பில் பட்டால் 40. மூன்று பட்டால் 120. முழுக் கவசம் போட்டவருக்கு உயிர் மொத்தம் 150, ஆக ஜெட்டிடம் மிச்சம் 30. இன்னொரு குண்டு உடம்பில் பட்டால் போதும். இதைக் கணக்குப் போடக்கூட வேண்டாம். செத்ததும் திரையில் வரும் அறிக்கையில் யாருக்கு எவ்வளவு அடி கொடுத்தீர்கள் என்று எண்ணோடு இருக்கும், படித்துச் சொன்னால் போதும். ஆனால் நம்மாட்கள் படிக்க மாட்டார்கள். "லோ! லோ! செம லோ!" என்பார்கள். பிறகு பார்த்தால் 34 அடித்திருப்பார்கள், அதுவும் காலில். செம லோ என்று நம்பி ஒருவன் பாய்ந்து போய்ச் சாவான். எண்ணைச் சொல்லுங்கள், பெயரடை வேண்டாம்.

"மினிமேப்லயே சிவப்பா தெரியுதே, எதுக்குச் சொல்லணும்?" என்றும் கேட்பார்கள். தெரியும்தான். நம் ஆள் ஒருவர் பார்க்கும்வரை எதிரி சிவப்பாகத் தெரிவான், கண்ணைவிட்டு மறைந்தால் கடைசியாகப் பார்த்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். நான் சொன்ன ஆட்டத்திலும் அந்தக் கேள்விக்குறி சரியாகக் கோர்ட்யார்டில்தான் இருந்தது. நான்கு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை, காதில் விழுந்த "மார்க்கெட்"டை நம்பினார்கள். பரபரப்பில் காதுதான் ஜெயிக்கும். தவிர, காலடிச் சத்தத்தையோ, அடியின் அளவையோ, அவள் எந்தப் பக்கம் போக நினைக்கிறாள் என்பதையோ மேப் சொல்லாது.

இன்ஃபோ பழசாகும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ரைஃபிளோடு ஓடினால் விநாடிக்கு 5.4 மீட்டர். ஐந்து விநாடிக்கு முன் பார்த்ததை இப்போது சொன்னால் அவன் 27 மீட்டர் தள்ளிப் போயிருக்கலாம். ஆகவே தாமதமாகச் சொல்கிறீர்கள் என்றால் "இருந்தான்" என்று சொல்லுங்கள், "இருக்கான்" என்று சொல்லாதீர்கள். கேட்டதைப் பார்த்ததாகவும் சொல்லாதீர்கள். "பி மெயின் சத்தம்" என்பது ஒன்று, "பி மெயின் மூணு" என்பது வேறொன்று. மூன்று பேரைப் பார்த்துவிட்டு "எல்லாரும் பி" என்று கத்துகிறவர்களை நான் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன். "பி மூணு, ரெண்டு தெரியல." இதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?

பழகும் முறையை மாற்றினால் பாதி சரியாகிவிடும். செட்டிங்ஸில் `Show Map Region Names` என்பதை `Always` என்று வையுங்கள். கஸ்டம் கேமில் தனியாக அசென்ட்டைத் திறந்து, நடக்காதீர்கள். மார்க்கெட் வாசலில் நில்லுங்கள். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், நிற்கும் இடத்தைத் தவிர. அப்புறம் கிராஸ்ஹேரைச் சட்டென்று எங்காவது திருப்பி, அது விழுந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். யோசிக்கிறீர்கள் என்றால் இன்னும் பழகவில்லை. நண்பன் இருந்தால் அவனை ஏதாவது ஒரு மூலையிலிருந்து எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் மறைவதற்குள் பெயர் வர வேண்டும். நீங்கள் வழக்கமாகக் காவல் நிற்கும் இடங்களில் இதைச் செய்தால் போதும்.

மேப்பில் அச்சிட்ட பெயரும் ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயரும் சில இடங்களில் வேறு. அசென்ட்டில் `A Rafters` என்று போட்டிருப்பதை எல்லாரும் ஹெவன் என்பார்கள். எதை வைத்துக்கொண்டாலும் சரி, ஐந்து பேரும் ஒன்றையே வையுங்கள். மெயின் என்று மொட்டையாகச் சொல்ல வேண்டாம், ஏ பக்கமும் மெயின் உண்டு, பி பக்கமும் உண்டு. ஹேவன் என்ற மேப்பில் இன்னும் மோசம். மூன்று சைட், அதில் பி-யும் சி-யும் மலிவு மைக்கில் ஒரே மாதிரிதான் கேட்கும். அங்கே "சி" என்று நிறுத்தாமல் "சி லாங்", "கராஜ்" என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள். இடது, வலது என்ற சொற்களை மறந்தே விடுங்கள். உன் இடது அவனுக்கு எதிர்ப்பக்கம்.

செத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஐயோ எப்படிடா மிஸ் ஆச்சு, லேக்குடா, நான் அடிச்சேன்டா" எல்லாம் அடுத்த ரவுண்டில் ஆயுதம் வாங்கும் பை ஃபேஸில் பேசலாம், 30 விநாடி இருக்கிறது. கடைசி ஆள் தனியாக நிற்கும்போது அவனுக்கே தெரிவதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவனுக்கு இப்போது வேண்டியது காலடிச் சத்தம். உங்கள் குரல் அதை மூடிவிடும்.

மும்பை சர்வரில் தனியாக க்யூ போட்டால் கூட ஆடுகிறவர்கள் இந்தி பேசலாம், மலையாளம் பேசலாம். கவலையே வேண்டாம், இடப்பெயரும் ஏஜென்ட் பெயரும் எண்ணும் எல்லாருக்கும் பொது. "கோர்ட்யார்ட் ஒன், ஜெட், ஒன் ட்வென்டி" என்றால் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். மைக்கை மட்டும் தயவுசெய்து திறந்தே வைக்காதீர்கள். டீம் வாய்ஸுக்கு V பட்டன் இருக்கிறது, பேசும்போது மட்டும் அழுத்துங்கள். உங்கள் வீட்டு மிக்ஸி ஓடுவதும், தலைக்கு மேல் ஃபேன் கடகடப்பதும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவதும் மற்ற நான்கு பேருக்குக் கேட்க வேண்டியதில்லை.