ஏற்காடு கிடைக்கிறது, சேலம் கிடைக்கவில்லை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கும் வணிகரும் ஒரு பருவம் முழுவதும் கணினியில் அரட்டை வழியாகவே விலை பேசிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த உரையாடலைப் பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டு வைக்கலாம். எழுத்தை மட்டும் நகலெடுத்து ஓர் உரைக்கோப்பிலும் ஒட்டி வைக்கலாம். பிடிஎஃப்தான் முழுமையானது என்று தோன்றும். ஆனால், அதைத் திறந்து "ஏற்காடு" என்று தேடினால் கிடைக்கிறது. "சேலம்" என்று தேடினால், அந்தச் சொல் கண்ணெதிரே இருந்தும், இல்லை என்றே பதில் வருவதுண்டு.

காரணம் தமிழ் எழுத்து சேமிக்கப்படும் முறையில் இருக்கிறது. யூனிகோடு "சே" என்பதை உச்சரிப்பு வரிசையில், முதலில் ச (U+0B9A), பிறகு ஏகாரக் குறி (U+0BC7) என்று வைக்கிறது. திரையிலோ தாளிலோ வரையும்போதுதான் அந்தக் குறி எழுத்துக்கு முன்னால் நகர்கிறது. பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்று சொல்லும் கோப்பு. ஆகவே அதில் குறி முதலிலும் சகரம் அடுத்தும் இருக்கும். ஒவ்வொரு வடிவமும் எந்த எழுத்து என்பதைச் சொல்ல ToUnicode என்ற அட்டவணை உண்டு என்றாலும், வரிசை மாறியதை அது சரிசெய்வதில்லை. அதனால் தேடுபொறிக்குக் கிடைப்பது "ேசலம்". "கொட்டை" என்பதில் ஒகரக் குறி இரண்டாகப் பிரிவதால், "ெகாட்ைட" என்று இன்னும் மோசமாகச் சிதறும். "ஏற்காடு" தப்பிப்பதற்குக் காரணம், அதில் முன்னால் நகரும் குறி எதுவும் இல்லாததுதான். ActualText என்ற குறிப்பில் சரியான எழுத்துவரிசையையும் சேர்த்து எழுதும் மென்பொருள்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கோப்பின் தோற்றத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே, சோதிக்கும்போது எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகாரக் குறிகள் உள்ள சொல்லையே தேடிப் பார்க்க வேண்டும்.

நகலெடுத்த உரையில் யூனிகோடு வரிசை அப்படியே வருவதால் தேடல் சரியாக நடக்கிறது. அதை UTF-8 குறியாக்கத்தில் சேமித்தால் போதும். இழப்பு வேறு இடத்தில் நிகழ்கிறது. "மூட்டைக்கு இந்த விலை சரியா?" என்ற பழைய செய்தியைச் சுட்டி வணிகர் "சரி" என்று பதிலளித்திருந்தால், அந்தச் சுட்டு பல செயலிகளில் நகலில் வராது, இடையில் லாரி வாடகை பற்றிய பேச்சும் இருந்தால், எதற்குச் சரி சொன்னார் என்பதே தெரியாமல் போகும். கொட்டையின் தரத்தைக் காட்ட அனுப்பிய படங்களும் போய்விடும்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், சச்சரவு வரக்கூடிய பேரத்துக்குப் பிடிஎஃப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். தேடுவதற்காக, அதே பெயரில் உரைக்கோப்பு ஒன்றையும் அருகில் வைப்பது பெரிய வேலை அல்ல. ஒரு குறை இரண்டுக்கும் பொதுவானது: நீண்ட உரையாடலில் திரைக்கு அருகிலுள்ள செய்திகளை மட்டுமே பல செயலிகள் நினைவகத்தில் ஏற்றி வைப்பதால், அச்சிலும் நகலிலும் அந்தப் பகுதி மட்டுமே வரக்கூடும். மேலே நகர்த்தினால் கீழுள்ளவற்றைக் கைவிடும் செயலிகளும் இருப்பதால், கோப்பின் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் மட்டுமன்றி, நடுவில் ஏதேனும் ஒரு வாரத்தையும் அரட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.