‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் போட்டிருந்தால் எல்லாம் முடிந்ததா?

இந்த முறை என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வந்தவர் மின்சாதனக் கடைக்காரர். மொத்த வியாபாரியிடம் 300 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அதில் 110 விற்றுவிட்டார். பிளக் போடும் இடம் சூடாகிறது, உருகுகிறது என்று 14 பேர் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கைக்காசைப் போட்டுப் பணம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மொத்த வியாபாரியிடம் போனில் ஒருமுறை கேட்டதற்கு, “பில்லைப் பாருங்க” என்று பதில். அத்தோடு நான்கு மாதம் சும்மா இருந்துவிட்டார். என்னிடம் வந்தபோதும் அந்த வரியைக் காட்டித்தான், “இப்படிப் போட்டிருக்கும்போது நான் என்ன சார் கேட்க முடியும்?” என்றார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

இதே கேள்வியை வேறு வேறு சரக்கோடு பலமுறை கேட்டுவிட்டேன். கேட்பவர்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்காகக் கடை நடத்துகிறவர்கள். தயவுசெய்து இதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

மொத்த வியாபாரியும் நீங்களும் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்றாலும், உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சட்டமே சேர்த்துவிடுகிறது: சொன்ன உபயோகத்துக்குச் சரக்கு பொருந்த வேண்டும், சந்தையில் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் இது சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 16-வது பிரிவு. இலங்கையின் 1896 சட்டமும் மலேசியாவின் 1957 சட்டமும் இதே குடும்பம்தான். எல்லாவற்றுக்கும் மூலம் இங்கிலாந்தின் 1893 சட்டம். இதில் எங்கேயும் ‘வாங்குபவர் கடைக்காரராக இருந்தால் பொருந்தாது’ என்று இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் வேறு விஷயம். மறுவிற்பனைக்கு வாங்கியவர் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்பதால், மொத்த வியாபாரி மீது அங்கே போக முடியாது. சிவில் நீதிமன்றம் இருக்கிறது. ஒரு கதவு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வீடே பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போகிறார்கள்.

சரி, அந்த பில் வரிக்கு வருகிறேன். என்னை அதிகம் வருத்துவது அதுதான்.

சட்டமே சேர்க்கிற இந்த உட்கிடையான நிபந்தனைகளை இரு தரப்பும் பேசி விலக்கிக்கொள்ளலாம். 62-வது பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் ‘பேசி’ என்ற இடத்தைக் கவனியுங்கள். போனில் ஆர்டர் கொடுத்து, விலை பேசி, சரக்கு லாரியில் ஏறிய பிறகு பார்சலோடு வருகிற பில்லில் ஒரு வரி அச்சடித்திருந்தால், ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. முடிந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் பிறகு புது வரி சேர்க்க முடியாது. இது முதல் விஷயம்.

இரண்டாவது, அந்த வரி என்ன சொல்கிறது என்று படியுங்கள். ‘திரும்பப் பெறப்படாது’ என்றால், உங்களுக்கு மனம் மாறிவிட்டது, விற்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி வாங்கமாட்டார்கள். ‘சரக்கு மட்டமாக இருந்தாலும் நஷ்டம் தரமாட்டேன்’ என்று அதில் இல்லை. விலக்குவதென்றால் தெளிவாக விலக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த வரியை எழுதியவருக்குப் பாதகமாகத்தான் நீதிமன்றம் பொருள் கொள்ளும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே வியாபாரியிடம் ஆண்டுக்கணக்கில் வாங்கி, ஒவ்வொரு முறையும் அதே வரியோடு பில் வாங்கி ஃபைலில் போட்டிருந்தால், அந்த வரி உங்கள் கொடுக்கல் வாங்கல் வழக்கத்தின் பகுதியாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. 1968-ல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த கெண்டல் – லில்லிகோ வழக்கில் இதுதான் நடந்தது. நச்சுப் பூஞ்சை ஏறிய கடலைப் புண்ணாக்கு, கோழித்தீவன வியாபாரிகளின் கைமாறிப்போன வழக்கு அது. மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை இதே மாதிரிச் சீட்டு வந்திருந்ததால், அதிலிருந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் சேர்ந்ததாகவே ஏற்றார்கள். ஆனாலும் விற்றவர் தப்பவில்லை. ‘மறைந்திருக்கும் குறைகளுக்கு வாங்குபவரே பொறுப்பு’ என்ற அந்த வாசகம், ‘சொன்ன உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும்’ என்ற பொறுப்பை விலக்கப் போதாது என்றார்கள். அச்சடித்த வரிக்கு நம் கடைக்காரர்கள் கொடுக்கிற மரியாதையை நீதிமன்றங்கள் கொடுப்பதில்லை.

இனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வருவோம். இதில் குறை ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வழக்கு கெடும்.

ஆர்டர் கொடுக்கும்போது இவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லவேளையாக அழியாமல் இருந்தது. “ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போடுகிற மாதிரி வேணும், எங்க பக்கம் அதுக்குத்தான் கேக்குறாங்க, நீங்களே பாத்து அனுப்புங்க.” அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் தங்கம். எந்த உபயோகத்துக்கு என்பதைச் சொல்லி, தேர்வை விற்பவரின் அனுபவத்துக்கு விட்டிருக்கிறார். அந்த மாதிரிச் சரக்கு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் இப்படிச் சொல்லி வாங்கினால், அந்த உபயோகத்துக்கு ஓரளவு நியாயமாகப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை உருவாகிவிடுகிறது. வந்ததோ 6 ஆம்பியர் பாக்ஸ். 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். சாதாரண வாட்டர் ஹீட்டரே 2,000 வாட் இழுக்கும். பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஹீட்டருக்கு ஆகாது.

ஆனால் மொத்த வியாபாரி சும்மா இருப்பாரா? “6 ஆம்பியர் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. இவரும் மின்சாதனம் விற்கிறவர்தானே, பார்த்திருக்க வேண்டாமா? என்னை நம்பி வாங்கினார் என்று எப்படிச் சொல்கிறார்?” என்று கேட்பார். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. இதே சரக்கைப் பெயரோ பிராண்டோ மட்டும் சொல்லி, உபயோகத்தைச் சொல்லாமல் வாங்கியிருந்தால் இந்த நிபந்தனை நமக்குக் கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது. அதனால் மொத்த வியாபாரிக்கு அனுப்பிய நோட்டீஸில் நான் இதை இரண்டாவதாக வைத்தேன்.

முதலாவதாக வைத்தது அடுத்த குறையை. திரும்பி வந்த 14-ல் பாதிக்கு மேல் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கெட்டவை. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பது நான்கரை ஆம்பியர்கூட இல்லை. 6 ஆம்பியர் பாக்ஸ் அதைத் தாங்கியே ஆகவேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து, விற்காமல் இருந்தவற்றில் சிலதைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒயர் நூல்மாதிரி இருந்தது. பிளக்கைப் பிடிக்கிற பித்தளைத் தகடு விரலால் வளைக்கிற மெலிசு. பிடி தளர்ந்த இடத்தில் சூடேறி பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. இது எந்த உபயோகத்துக்கு என்று சொல்லியிருக்கவே தேவையில்லாத குறை. ‘6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்’ என்ற விவரிப்பில், அதை விற்பதே தொழிலாக உள்ளவரிடம் வாங்கினால், அது அந்தப் பெயரில் சந்தையில் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். “நான் தயாரிக்கவில்லை, கம்பெனியில் வந்ததை அப்படியே கொடுத்தேன்” என்பது பதிலே அல்ல. தயாரிப்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

அப்புறம் வழக்கமான எதிர்வாதம்: “பிரித்துப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?” ஆமாம், இவர் மூன்று பாக்ஸைப் பிரித்து, போன் சார்ஜரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும்தான் நிபந்தனை இல்லாமல் போகும். ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்த்தால் மட்டுமே தெரிகிற குறைக்கு நிபந்தனை அப்படியே இருக்கும். சாம்பிள் காட்டி விற்பதற்கான 17-வது பிரிவிலும் இதே கணக்குதான்.

இதற்கு 1960-ம் ஆண்டின் கோட்லி – பெர்ரி வழக்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆறு வயதுப் பையன் ஒரு சின்னக் கடையில் பிளாஸ்டிக் கவண் வாங்குகிறான். இழுத்து அடிக்கும்போது அது உடைந்து ஒரு கண் போய்விடுகிறது. கடைக்காரர் அதை மொத்த வியாபாரியிடம் சாம்பிள் பார்த்து வாங்கியிருந்தார். கடைக்காரரின் மனைவி சாம்பிளின் ரப்பரை இழுத்துக்கூடப் பார்த்திருந்தார். தரையில் வைத்துக் காலால் மிதித்து இழுத்துப் பார்த்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்று வாதம் வந்தது. வாங்குபவரிடம் எதிர்பார்ப்பது நியாயமான பரிசோதனையைத்தான், அதீதப் புத்திசாலித்தனத்தை அல்ல என்றார் நீதிபதி. கடைக்காரர் பையனுக்குப் பொறுப்பு, மொத்த வியாபாரி கடைக்காரருக்குப் பொறுப்பு, இறக்குமதியாளர் மொத்த வியாபாரிக்குப் பொறுப்பு என்று சங்கிலி முழுக்கப் போனது. உங்கள் வாடிக்கையாளர் உங்களைப் பிடிப்பார். நீங்கள் உங்களுக்கு முந்தியவரைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நஷ்டம் உங்களோடு நின்றுவிடும்.

நம் கடைக்காரர் தன் வழக்கைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டது இதற்குப் பிறகுதான். முதல் நான்கைந்து பேர் திருப்பிக் கொண்டுவந்த அன்றே விற்பனையை நிறுத்தியிருக்க வேண்டும். இவர் மேலும் சில வாரம் விற்றிருக்கிறார். குறை தெரிந்தும் விற்றதால் வருகிற நஷ்டத்தை மொத்த வியாபாரி தலையில் கட்ட முடியாது. யாருக்காவது ஷாக் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. சரக்கு வந்து, அதில் கொஞ்சம் விற்று, நியாயமான காலத்துக்குள் மறுப்பும் தெரிவிக்காமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள். பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தமாக இருந்தால், ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலே மொத்தச் சரக்கையும் நிராகரிக்கும் உரிமை போய்விடும். மிஞ்சுவது நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும். அதுவும் சின்ன விஷயமல்ல. விலையிலிருந்தே கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஆனால் கழிப்பதைக் காகிதத்தில் சொல்லிக் கழியுங்கள். ஒன்றும் எழுதாமல் கொடுத்த செக்கை மட்டும் வங்கியில் சொல்லி நிறுத்தாதீர்கள். செக் மோசடி நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் கிரிமினல் வழக்கு. அங்கே சரக்கு மோசம் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தோளில் ஏறிவிடும்.

செய்யவேண்டியது அதிகமில்லை. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள். போனில் பேசினால் பிறகு ஒரு வரி மெசேஜ் போடுங்கள். சரக்கு வந்ததும் கூடிய சீக்கிரம் சிலதைப் பிரித்து, சாதாரணமாக உபயோகிக்கிற விதத்தில் ஓட்டிப் பாருங்கள். குறை தெரிந்தால் விற்பனையை நிறுத்தி, என்ன குறை, எத்தனை, எந்த பில் என்று எழுதி அன்றே அனுப்புங்கள். நிராகரித்த சரக்கை உங்கள் செலவில் லாரி பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வாங்க மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும், 43-வது பிரிவு அதைச் சொல்கிறது. திரும்பி வந்த பாக்ஸ்களைக் குப்பையில் போடாதீர்கள். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தால் கையெழுத்து வாங்கி வையுங்கள். இவரிடம் 14-க்கு ஒன்பதுக்குத்தான் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

நோட்டீஸ் போன பிறகு, மீதமிருந்த 190 பாக்ஸையும் எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரி சம்மதித்துவிட்டார். கையெழுத்து இருக்கிற ஒன்பது பேருக்குத் திருப்பிக் கொடுத்த பணத்தையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற ஐந்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.